மீந்த சோறும் மீனும் பூனைக்குப் போதுமா? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பழைய பூனை 12 வருடம் தயிர்ச்சோறு தின்றே வாழ்ந்தது. இப்போதுள்ள பூனைக்கு மட்டும் ஏன் போதாது என்கிறார்கள்?

பதில்: அந்தப் பூனை வெளியே போய் வந்ததா? அப்படியென்றால் எலி, பல்லி, குருவி என்று அதன் உண்மையான சாப்பாடு வெளியில்தான் நடந்திருக்கும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு அந்த வழி இல்லை. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடலால் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. இறைச்சியிலும் மீனிலும் அது உண்டு, சோற்றில் இல்லை, தயிரில் மிகச் சொற்பம். பல மாதம் கிடைக்காவிட்டால் இதயத் தசை தளரும், விழித்திரை கெடும்.

4 கிலோ பூனைக்கு நாளுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். 150 கிராம் சோறு தின்றால் அது ஏறக்குறைய கிடைத்துவிடும், வயிறும் நிறையும். ஆனால் அதில் புரதம் 4 கிராம் போலத்தான். தேவையோ 10 கிராமுக்கு மேல். அதனால்தான் பூனை பசியில்லாமலே இளைக்கிறது.

கேள்வி: தயிர் பாலைவிட நல்லதுதானே? கால்சியமும் இருக்கிறதே?

பதில்: பாதி சரி. புளிக்கும்போது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கொஞ்சம் குறைவதால் வயிற்றுப்போக்கு குறையும். ஆசைக்கு ஒரு ஸ்பூன் கொடுங்கள், அதை உணவாக எண்ண வேண்டாம்.

கேள்வி: குழம்பு மீனைக் கழுவிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது, சாறு மீனுக்குள் இறங்கியிருக்கும். சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கருத்து, பூனை சோர்ந்து படுத்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

மசாலா போடும் முன்பே ஒரு துண்டை எடுத்து வேகவையுங்கள். முள்ளை நீக்கிவிட்டு, வெந்த தண்ணீரையும் சேர்த்தே கொடுங்கள், டாரின் அதில் இறங்கியிருக்கும். பச்சை மீன் கூடாது. பல மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது, வேகும்போதுதான் அது போகும்.

கேள்வி: எங்கள் நாய் கோழி எலும்பை நன்றாகவே மென்று தின்னும். ஒன்றும் ஆனதில்லை.

பதில்: இங்கே பேச்சு பூனையைப் பற்றி. ஆனாலும் வெந்த எலும்பு நாய்க்கும் ஆபத்துதான், கூராகச் சிலாம்பு சிலாம்பாக உடையும். பூனைக்கு அது மேலண்ணத்தில் குறுக்காக மாட்டிக்கொள்ளும். என் பூனை ஒரு தடவை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல், எச்சில் ஒழுக, முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பல்வலி என்று நினைத்தேன். கடைவாயில் மீன் முள். அதிலிருந்து எங்கள் வீட்டில் எலும்பும் முள்ளும் மூடிய குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.

கேள்வி: ஒரு வருடமாகச் சோறும் மோரும்தான் கொடுத்தேன். இப்போது கண்மணி விரிந்தே இருக்கிறது. கறி கொடுத்தால் சரியாகுமா?

பதில்: டாரின் குறைவு என்றால் இதயம் தேற வாய்ப்பு உண்டு, ஆனால் விழித்திரையில் போனது திரும்பாது. ரத்த அழுத்தத்தாலும் கண்மணி இப்படி விரியும், பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. இந்த வாரமே காட்டிவிடுங்கள். அப்புறம், முழு உணவு என்று குறிப்பிட்ட பூனைத் தீவனத்தைப் பழைய சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரத்தில் மாற்றுங்கள். பிடிக்கவில்லை என்று பட்டினி போட வேண்டாம். சில நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும்.