எட்டுப் பேர், எட்டு பட்ஜெட்: எப்படிச் சேர்ந்து போவது?

கேள்வி: பள்ளியில் ஒன்றாகப் படித்த நாங்கள் எட்டுப் பேரும் இப்போது வேறு வேறு ஊர்களில் இருக்கிறோம். நான்கு பேரால் மூன்று இரவு தங்க முடியும், மற்றவர்களுக்கு ஒரு இரவுதான் லீவு. வசதியும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. யார் மனமும் நோகாமல் ஒரு பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

பதில்: இடத்தைப் பற்றிய பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பணத்தைக் கேட்பதுதான் முதல் வேலை, அதையும் குழுவில் கேட்கக் கூடாது. நால்வர் பெரிய தொகை சொன்ன பிறகு, கையில் குறைவாக இருப்பவர் வாய் திறக்க மாட்டார். கடைசி வாரத்தில் ஏதோ காரணம் சொல்லி விலகிவிடுவார். அதனால் ஒருவர் பொறுப்பெடுத்து ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கட்டும்: "வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்பி வரும் வரை, அதிகபட்சம் எவ்வளவு செலவு செய்ய முடியும்?" மிகக் குறைந்த தொகை சொன்னவரின் போக்குவரத்துச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் கழித்தால் என்ன மிஞ்சுகிறதோ, அதுதான் அவர் தங்குவதற்குத் தரக்கூடிய தொகை. தங்குமிடத்தை அதற்குள் தேடுங்கள். அது யார் சொன்ன தொகை என்பது வெளியே தெரிய வேண்டாம்.

அடுத்தது தேதி. "எப்போ ஃப்ரீ?" என்று பொதுவாகக் கேட்டால் முடிவே வராது. மூன்று தேதிகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் வருவேன், வரமாட்டேன் என்று பதில் வாங்குங்கள். "பார்க்கலாம்" என்பதை வரமாட்டேன் என்றே எண்ணிக்கொள்வது நல்லது. எட்டுப் பேரும் சேர்ந்து இருக்கும் ஒரு இரவு கிடைத்தால் போதும், அதுதான் பயணத்தின் மையம். எல்லோரும் சேர்ந்து செய்ய நினைப்பதையெல்லாம் அந்த நாளில் வையுங்கள்.

மனக்கசப்பு பெரும்பாலும் வாடகையைப் பிரிக்கும்போதுதான் வருகிறது. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று இரவுக்கு ஒரு வீடு. ஒரு இரவு வாடகை 8 பங்கு, மொத்தம் 24. சனி இரவு எட்டுப் பேர், மற்ற இரண்டு இரவும் நான்கு பேர். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 3 பங்கு, அதாவது ஒரு இரவு தங்குபவர் மூன்று இரவு தங்குபவருக்குச் சமமாகக் கொடுக்கிறார். இது நியாயமில்லை. ஒவ்வொரு இரவின் வாடகையையும் அன்று தங்குபவர்களுக்குள் மட்டும் பிரியுங்கள். சனிக்கிழமை மட்டும் வருபவருக்கு 1 பங்கு. மூன்று இரவும் தங்குபவருக்கு 2, 1, 2 என 5 பங்கு. அந்த 5 அதிகம் என்று நால்வருக்கும் பட்டால், மற்ற இரண்டு இரவுக்கும் சின்ன இடமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், முன்பணம். வாய்வார்த்தையை நம்பி எட்டுப் பேருக்கு இடம் பிடிக்காதீர்கள். பணம் போட்டவர்களை மட்டும் எண்ணுங்கள். முன்பதிவு செய்த பிறகு யாராவது விலகினால், தங்குமிடம் திருப்பித் தரும் தொகை மட்டுமே அவருக்குக் கிடைக்கும் என்பதைப் பணம் வாங்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.