சிப்பியா, பிளாஸ்டிக்கா? பழைய பெட்டிகள் பற்றி வாசகர் கேள்விகள்

மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்தால் போதும், நீலகிரியில் பரண்களிலிருந்து பெட்டிகள் கீழே இறங்கிவிடும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கின்றன: மரத்தில் பதித்திருப்பது உண்மையான முத்துச்சிப்பியா, இல்லையா? பட்டறையில் தினமும் இதே வேலையில் இருப்பதால், கையில் எடுத்துப் பார்த்தவற்றை வைத்தே பதில் எழுதுகிறேன்.

என் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தார். ஊருக்குத் திரும்பிய துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போன ஈட்டி மர எழுதுபெட்டி எங்களிடம் இருக்கிறது. மூடியில் சிப்பியில் பூ வேலை. அது பிளாஸ்டிக் என்கிறார் என் மைத்துனர். ஊசியைக் காய்ச்சி வைத்துப் பார்த்துவிடலாம் என்கிறார். செய்யலாமா? (குன்னூர் வாசகி)

தயவுசெய்து வேண்டாம், அம்மா. பழைய முத்துநிற பிளாஸ்டிக் பெரும்பாலும் செல்லுலாய்டு. அது சட்டென்று தீப்பிடிக்கும். தொழில் பழகிய காலத்தில் ஓர் இழுப்பறைக் கைப்பிடியில் நானே ஊசி வைத்துப் பார்த்தேன். விரல் நீளத்துக்குச் சுடர் எழுந்து, சுற்றியிருந்த பாலிஷும் கருகிப்போனது. அந்தக் கரியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. உண்மையான சிப்பியாக இருந்தாலும் சூடு பட்ட இடத்தில் தழும்பு விழும். பதில் கிடைப்பதற்குள் பொருள் கெட்டுவிடும்.

நீங்கள் பெட்டியைப் பட்டறைக்கே கொண்டுவந்ததால், நான் பார்த்த விதத்தை அப்படியே சொல்கிறேன். வீட்டிலும் இதைச் செய்யலாம். தேவை ஒரு கைவிளக்கும், நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸும்தான்.

அறையை இருட்டாக்கி, விளக்கை மூடியின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஒளி விழும்படி பிடித்தேன். பிறகு விளக்கை அசைக்காமல் பெட்டியை மட்டும் கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பினேன். பூவிலும் இலையிலுமாகப் பதினோரு துண்டுகள். அவற்றில் ஒன்பது ஒன்றோடொன்று ஒத்துப்போகவே இல்லை: ஓர் இதழ் பளிச்சென்று எழும்போது அடுத்தது மங்கிச் சாம்பலாகிறது, மேலும் திருப்பினால் மங்கியது எழுகிறது, எழுந்தது மங்குகிறது. பச்சையும் இளஞ்சிவப்பும் இடம் மாறுகின்றன. மீதி இரண்டு இதழ்கள் எப்படித் திருப்பினாலும் ஒரே பால் வெளிச்சத்தோடு இருந்தன.

ஏன் இப்படி? சிப்பியின் உட்புறம் ஏறக்குறைய அரை மைக்ரான் தடிமனுள்ள சுண்ணாம்புத் தகடுகளைச் செங்கல் சுவர்போல அடுக்கிக் கட்டப்பட்டது. நிறம் அதில் பூசப்பட்டதில்லை. அந்த அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறப்பது. ஓடு வளைந்தது, அடுக்குகளும் வளைந்தவை. ஒவ்வோர் இதழும் ஓட்டின் வேறு வேறு பகுதியிலிருந்து, வேறு வேறு திசையில் அறுக்கப்பட்டிருக்கும். ஆகவே துண்டுக்குத் துண்டு மினுக்கம் மாறுவது இயல்பு. பிளாஸ்டிக் தகட்டில் மினுக்கப்பொடி முழுவதும் ஒரே வார்ப்பில் கலந்திருக்கிறது; அதில் வெட்டிய துண்டுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே மின்னும்.

அடுத்து லென்ஸ். ஒன்பது துண்டுகளிலும் மெல்லிய வளைகோடுகள் தெரிந்தன. நம் மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டத்தை எதிர்மலையிலிருந்து பார்த்தால் வரிசை வரிசையாகத் தெரியுமே, அதுபோல. வளைந்த அடுக்குகளைத் தட்டையாகத் தேய்க்கும்போது இந்தக் கோடுகள் வெளிப்படும். இலை நரம்புகளை உளியால் கீறிக் கறுப்பு நிரப்பியிருந்தார்கள். கீறலின் ஓரம் நுண்ணிய செதில்களாகப் பெயர்ந்திருந்தது. இரண்டு இதழ்களில் கோடுகள் இல்லை. மாறாக, சுழல் சுழலாக மிதக்கும் மினுக்குத் தூளும், ஊசிமுனை அளவில் ஓர் உருண்டைக் காற்றுக்குமிழும் இருந்தன. சிப்பிக்குள் காற்றுக்குமிழ் இருக்கவே முடியாது. அந்த இரண்டின் ஓரத்திலும் மயிரிழை இடைவெளி. செல்லுலாய்டு ஆண்டுகள் போகப் போகச் சுருங்கும், சிப்பி சுருங்காது.

ஆகவே உங்கள் மைத்துனர் சொன்னதும் தவறில்லை. அவர் பார்த்தது அந்த இரண்டு இதழ்களையாக இருக்கலாம். பெட்டி அசல், எப்போதோ இரண்டு இதழ்கள் விழுந்து, யாரோ கையில் கிடைத்ததை ஒட்டியிருக்கிறார்கள். ஒரே மூடியில் இரண்டும் கலந்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு துண்டைப் பார்த்து முழுப் பெட்டிக்கும் தீர்ப்புச் சொல்லவே கூடாது. துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும்.

சிப்பி என்றால் தொட்டால் சில்லென்று இருக்கும் என்கிறார்களே, அதை நம்பலாமா? (ஊட்டி)

ஊட்டியில் மார்கழி காலையில் எதைத்தான் தொட்டால் சில்லென்று இருக்காது! சிப்பி கையின் சூட்டைப் பிளாஸ்டிக்கைவிட வேகமாக இழுப்பது உண்மைதான். ஆனால் பதிப்பு வேலையில் சிப்பி ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில்தான் இருக்கும்; அடியில் மரம். சிறிய துண்டில் விரலுக்கு அந்த வேறுபாடு சரியாகப் பிடிபடாது. கனமான சிப்பிக் கைப்பிடி, பொத்தான் போன்றவற்றில் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம். பதிப்பு வேலைக்கு இதை நான் நம்புவதில்லை.

சந்தையில் ஒரு சிறு மேசை வாங்கினேன். சுற்றிலும் சிப்பிக் கரை. விற்றவர் என் கண்ணெதிரே எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டார், நுரைத்தது. 'பாருங்கள், அசல் சிப்பி' என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் மனம் ஒப்பவில்லை. (கோத்தகிரி)

உங்கள் மனம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, ஐயா. அனுப்பிய படங்களையும், மேசையைத் திருப்பி எடுத்த காணொளியையும் பார்த்தேன். அது சிப்பித்தூளைப் பிசினில் குழைத்து வார்த்த பட்டை.

எலுமிச்சை இங்கே பொய் சொல்லவில்லை. தவறான கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. அமிலம் பட்டால் நுரைப்பது சுண்ணாம்பு. முழுச் சிப்பியும் சுண்ணாம்பு, அரைத்த சிப்பித்தூளும் சுண்ணாம்பு. மேற்பரப்பைத் தேய்த்துப் பாலிஷ் செய்த பட்டையில் தூள் வெளியே தெரிந்துகொண்டிருக்கும். சாறு பட்டால் அதுவும் நுரைக்கும். சுண்ணாம்பு இருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொட்டு எதையும் சொல்லாது. முழுச் சிப்பியாக இருந்திருந்தால் சாறு பட்ட இடம் ஒளி மங்கி, மறுபடி தேய்த்தால் தவிர போகாத புள்ளியாக நின்றிருக்கும். யாராவது பழைய பொருளில் எலுமிச்சை விட வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

உங்கள் மேசையைக் காட்டிக் கொடுத்தது கரையின் நீளம். மேசையின் ஒரு பக்கம் நாற்பது சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாற்பதும் மூட்டே இல்லாமல் ஒரே பட்டையாக ஓடுகிறது. எந்தச் சிப்பியிலிருந்து அப்படி ஒரு பட்டையை அறுக்க முடியும்? பெரிய முத்துச்சிப்பி ஓடே விரித்த கையகலம்தான். அதிலும் வளையாத, தட்டையான பகுதி சில சென்டிமீட்டர். அதனால் உண்மையான சிப்பிக் கரை என்றால் சிறு சிறு துண்டுகளை முனையோடு முனை சேர்த்துத்தான் ஒட்டியிருப்பார்கள். சில விரற்கடைக்கு ஒரு மூட்டு, மூட்டைத் தாண்டினால் மினுக்கத்தின் திசையும் மாறும். பழைய வேலையில் மூட்டுகள் ஒரே அளவில்கூட இருக்காது. கிடைத்த துண்டை வீணாக்காமல் வைத்திருப்பார்கள். கடையில் லென்ஸ் இல்லாவிட்டாலும் விரல்நகத்தைக் கரையின் மேல் மெல்ல ஓட்டி மூட்டுகளை எண்ணலாம்.

லென்ஸில் பார்த்தால் உங்கள் பட்டையில் கூர்மையான சிறு சில்லுகள் கண்ணாடி போன்ற பிசினில் தாறுமாறாகக் கிடப்பது தெரியும். ஒவ்வொரு சில்லும் தனியாக மின்னும், சில்லுகளுக்கு நடுவே ஒளியே இராது. அச்சடித்த பிளாஸ்டிக் தாளாக இருந்தால் வேறோர் அடையாளம்: ஒரு சுழலை மனத்தில் வைத்துக்கொண்டு கரையோடு போனால், அதே சுழல் மறுபடி வந்து நிற்கும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். உண்மையான சிப்பியை மிக மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் பெரிய தகடாக்கியும் இப்போது விற்கிறார்கள். அதில் நீளமான பட்டை வெட்ட முடியும், மினுக்கமும் அசல்தான். பக்கவாட்டு ஓரம் தெரிந்தால் பசைக்கோடுகள் தெரியும். மரத்தில் பதித்துத் தேய்த்த பிறகு கண்டுபிடிப்பது கடினம். ஆனால் அது புதிய சரக்கு. பழைய மேசை என்று சொல்லி விற்பவரிடம் அதற்கு இடமில்லை.

மூன்று மாதம் பூட்டிவைத்த பெட்டியைத் திறந்தால் சிப்பி மேல் உப்புப் பூத்தாற்போல் வெண்பொடி. பூஞ்சையா? (மஞ்சூர்)

பூஞ்சை பஞ்சாக, இழையாக இருக்கும். துடைத்தால் ஈரமாகத் தீற்றும். நீங்கள் சொல்வது சிறு படிகமாக, மணல்போல் உதிர்கிறது என்றால் அது வேறு. ஈரக்காற்று அடைபட்ட பெட்டிக்குள் மரம் காடி ஆவியை மெல்ல வெளியிடும். ஓக், தேவதாரு இன மரங்கள் இதில் மோசம். அந்த ஆவி சிப்பியின் சுண்ணாம்பைத் தின்று உப்பாக்குகிறது. வருத்தமான செய்திதான், ஆனால் உங்கள் துண்டுகள் சுண்ணாம்பால் ஆனவை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிளாஸ்டிக்கில் இப்படிப் பூக்காது. மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, பெட்டியைத் திறந்தே வையுங்கள். மழைக்காலத்தில் பூட்டாதீர்கள். ஈரத்துணியும் சோப்பும் வேண்டாம். அடியிலுள்ள பழைய வச்சிரப்பசை தண்ணீரில் இளகிவிடும்.

வெள்ளையாக இருக்கிறது, ஆனால் வானவில் நிறமே இல்லை. அப்படியானால் பிளாஸ்டிக்தானே? (குன்னூர்)

அவசரப்பட வேண்டாம். எலும்பாக இருக்கலாம், சங்காக இருக்கலாம். எலும்பில் லென்ஸ் வைத்தால் கறுத்த சிறு புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும். அவை இரத்தக் குழாய் ஓடிய தடங்கள். சங்கு பீங்கான்போல வெண்மையாக இருக்கும், முத்தின் நிறம் காட்டாது. குறுக்கு மறுக்காகப் பின்னல் வரிகள் தெரிந்தால் தந்தமாக இருக்கலாம். அதை விற்கவோ வாங்கவோ நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு துண்டு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. சூப்பர் பசை போட்டு ஒட்டிவிடட்டுமா? (வெலிங்டன்)

ஒட்டுவதற்கு முன்னால் அதைத் திருப்பிப் பாருங்கள். பெயர்ந்த துண்டின் அடிப்பக்கம்போல உண்மை சொல்வது வேறெதுவும் இல்லை. அங்கே பாலிஷ் கிடையாது; பழைய ரம்பப் பற்களின் தடமும், பழுப்புக் கண்ணாடிபோல உடையும் வச்சிரமும் இருந்தால் பெரும்பாலும் பழைய வேலை. அடிப்பக்க மூலையில், வெளியே தெரியாத இடத்தில், பேனாக்கத்தி முனையால் மெல்லச் சுரண்டுங்கள். சிப்பியானால் வெள்ளை மாவு உதிரும். பிளாஸ்டிக்கானால் சீவல் சுருளாக எழும். தூள் கலந்த வார்ப்பானால் சுருளும் இல்லாமல் மாவும் இல்லாமல் நறநறவென்று பொடிக்கட்டியாக வரும். அந்த மாவை மூச்சில் இழுக்க வேண்டாம்.

சூப்பர் பசை வேண்டாம். பின்னாளில் கழற்ற முடியாது. நம் மலையில் கோடைக்கும் மழைக்கும் நடுவே மரம் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும், சிப்பி அசையாது. பிடிப்பு விடும் நாள் மறுபடி வரும். அன்றைக்குத் துண்டு உடையாமல் வர வேண்டுமானால் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும் வச்சிரம்தான் சரி. இப்போதைக்குத் துண்டை ஒரு காகித உறையில் போட்டு, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று எழுதி, பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.