போன் கடிகாரம் ஏன் பழைய ஊர் நேரத்திலேயே நிற்கிறது? கேள்வி பதில்

சிங்கப்பூரிலிருந்து துபாய் வந்து இறங்கி, புது சிம்மும் போட்டுவிட்டேன். இங்கே மதியம் 2 மணி, போன் 6 என்கிறது. கடிகாரம் கெட்டுவிட்டதா?

இல்லை, கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது. போன் உள்ளுக்குள் வைத்திருப்பது உலகம் முழுவதற்கும் பொதுவான யூடிசி நேரம், இப்போது அது காலை 10. அதோடு சிங்கப்பூருக்கு 8 மணி நேரம், துபாய்க்கு 4 என்று கூட்டித்தான் திரையில் காட்டும், உங்கள் போன் இன்னும் 8-ஐயே கூட்டிக்கொண்டிருக்கிறது. போன் நெட்வொர்க்கில் பதிவாகும்போது நிட்ஸ் என்று ஒரு சின்னச் செய்தி வரும், நேரமும் இந்த வித்தியாசமும் அதில்தான் இருக்கும். வித்தியாசத்தைக் கால் மணிக் கணக்கில் அனுப்புவார்கள்: துபாய்க்கு 16, நேபாளத்துக்கு 23. வேடிக்கை என்னவென்றால், இதை அனுப்பியே தீரவேண்டும் என்று நெட்வொர்க்குக்குக் கட்டாயம் கிடையாது. முதலில் தானியங்கி நேர மண்டலம் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஏரோப்ளேன் மோடு போட்டு, அரை நிமிடம் கழித்து எடுங்கள். போன் மறுபடி பதிவாகும், செய்தியும் பெரும்பாலும் வந்துவிடும்.

நேரம் சிம்மில்தானே இருக்கிறது? பழைய சிம்மைத் திரும்பப் போட்டேன், சரியாகிவிட்டது.

சிம்மில் கடிகாரமே இல்லை. ஆனால் நீங்கள் பார்த்ததும் பொய்யில்லை. சிம்மை மாற்றினாலே போன் புதிதாகப் பதிவாகும், அதுவும் ரோமிங்கில் வேறொரு நெட்வொர்க்கைப் பிடித்திருக்கலாம், அது நிட்ஸ் அனுப்பியிருக்கும்.

எனக்கும் இதே கதைதான், அதே சிங்கப்பூர், அதே துபாய். கையாலேயே 2 மணி என்று வைத்துவிட்டேன். இப்போது லாகின் செய்ய ஆப் காட்டும் 6 இலக்க எண் எதுவுமே செல்லவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். நீங்கள் மணியை மாற்றினீர்கள், மண்டலம் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. 2 மணியிலிருந்து 8-ஐக் கழித்து, யூடிசி காலை 6 என்று போன் நம்புகிறது, அதாவது நிஜத்துக்கு 4 மணி நேரம் பின்னால். அந்த ஆப் பொதுவாக 30 வினாடிக்கு ஒருமுறை யூடிசியை வைத்துத்தான் எண்ணைக் கணக்கிடும், அப்புறம் எப்படிச் செல்லும்? நேரத்தைத் தானியங்கிக்கே விட்டுவிட்டு, மண்டலத்தை மட்டும் துபாய் என்று தேர்ந்தெடுங்கள்.

வைஃபை இருந்தால் எல்லாம் தானாகச் சரியாகுமே, இதற்கு எதற்கு இவ்வளவு பாடு?

பாதி சரி. இணையத்தில் இருக்கும் நேர சர்வர் யூடிசியை மட்டும்தான் சொல்லும், நீங்கள் எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. லொகேஷன் ஆன் ஆகியிருந்தால் சில போன்கள் மண்டலத்தை அதிலிருந்து ஊகித்துக்கொள்ளும்.

நான் எங்கும் பயணம் போகவில்லை. சிம் மட்டும் மாற்றினேன், அன்றிலிருந்து 3 நிமிடம் தள்ளி ஓடுகிறது.

அப்படியானால் இது மண்டலச் சிக்கல் இல்லை, அது தவறினால் கால் மணியின் மடங்கில்தான் தவறும். யாராவது கையால் வைத்திருக்கலாம், அல்லது அந்த நெட்வொர்க் அனுப்பும் நேரமே தவறாக இருக்கலாம். சிம்மை எடுத்துவிட்டு, வைஃபை மட்டும் போட்டு போனை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். 3 நிமிடம் அப்போதும் மாறவில்லை என்றால் வந்து சொல்லுங்கள், வேறு எங்காவது தேடுவோம்.