பெட்டியைப் பார்த்து பார்ட் வாங்கலாமா? பிளக், ஃபில்டர், பிரேக் பேட்: கேள்வி பதில்

சூரமங்கலம்: அண்ணா, என்னோடது 2010 ஸ்விஃப்ட் பெட்ரோல், TN30 வண்டி. கடைக்காரர் கொடுத்த பிளக் பெட்டி படம் போட்டிருக்கேன். என்ஜிகே, BKR6E-11 னு இருக்கு. "ஸ்விஃப்ட்டுக்கு இதுதான்"ங்கறார். போடலாமுங்களா?

பதில்: பெட்டியைக் கீழே வைங்க தம்பி, முதல்ல ஆர்.சி. கார்டை எடுங்க. அந்த வருஷம்தான் ஸ்விஃப்ட்டில் சிக்கலான வருஷம். 2005-ல் வந்த பெட்ரோல் ஸ்விஃப்ட்டில் இருந்தது 1298 சி.சி. இன்ஜின். 2010-ல் பி.எஸ். 4 வந்தபோது அதே பாடியில் 1197 சி.சி. கே சீரிஸ் இன்ஜினை வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி. கடையில் "2010 ஸ்விஃப்ட் பெட்ரோல்" என்று மட்டும் கேட்டால் பாதிக்குப் பாதி தப்பான பெட்டி கைக்கு வரும்.

ஆர்.சி.யில் மூன்று விஷயம் பாருங்க. ஒன்று சி.சி. இன்னொன்று இன்ஜின் நம்பரின் முன்னெழுத்துகள்: பழையது G13B என்று தொடங்கும், புதியது K12M. மூன்றாவது தயாரித்த மாதமும் வருஷமும். பதிவுத் தேதியை நம்பாதீங்க. 2009 கடைசியில் செய்த வண்டி 2010-ல் பதிவாகியிருக்கலாம்.

சூரமங்கலம்: பார்த்தேன்ணா. 1197, இன்ஜின் நம்பர் K12M. ஒரு பழைய பிளக்கைக் கழட்டினேன், வெள்ளைப் பீங்கானில் KR6A-10 னு எழுதியிருக்கு.

பதில்: அப்போ அந்தப் பெட்டி உங்க வண்டிக்கு இல்லை. சீல் உடைக்காமல் திருப்பிக் கொடுங்க.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அடுத்த முறை நீங்களே பார்த்துக்கலாம். என்ஜிகே கோடில் நடுவில் வரும் எண் சூட்டு அளவு, அதாவது பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளும் என்பது. அதற்கு முன்னால் இருக்கும் எழுத்துகள் பிளக்கின் உடம்பு. கடைசியில் கோடு போட்டு வருவது முனையின் இடைவெளி. BKR6E-11 என்றால் 14 மி.மீ. மரை, 16 மி.மீ. அறுகோணம், ரெசிஸ்டர் உண்டு, மரை நீளம் 19 மி.மீ., இடைவெளி 1.1 மி.மீ. உங்க பழைய பிளக்கில் முன்னெழுத்தும் வேறு, பின்னெழுத்தும் வேறு, இடைவெளி 1.0. எண் மட்டும்தான் ஒத்துப்போகிறது. ஆனாலும் பழைய பிளக்கை மட்டும் சாட்சியாக வைக்காதீங்க. முந்தின ஓனர் தப்பாகப் போட்டிருந்தால் அந்தத் தப்பு உங்ககிட்ட தொடரும். டேஷ்போர்டில் இருக்கும் மேனுவலில் பிளக் கோடு எழுதியிருக்கும். அதுவும் பழைய பிளக்கும் ஒத்துப்போனால் கடைக்குப் போய் அதையே கேளுங்க. நாலு சிலிண்டர், நாலு பிளக்.

செவ்வாய்பேட்டை: குறுக்கே பேசறேன்னு நினைக்காதீங்க. 6-ம் நம்பர் ஒத்துப்போனா போதுமே சார்? நாங்க எப்பவும் நம்பர்தான் பார்ப்போம்.

பதில்: நீங்க சொல்வதில் பாதி சரி. சூட்டு அளவுக்கு அந்த நம்பர்தான். ஆனால் BPR6ES-ம் ஆறு, BKR6E-ம் ஆறு. முதலாவதுக்கு 20.8 மி.மீ. அறுகோணம், இரண்டாவதுக்கு 16. குறுகலான பிளக் குழி உள்ள ஹெட்டில் முதலாவதும் போகாது, அதற்கான சாக்கெட்டும் போகாது. அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மோசமானது மரை நீளம். அது மாறினாலும் பிளக் சுகமாக ஏறிவிடும், யாருக்கும் சந்தேகமே வராது. குட்டை பிளக் போட்டால் ஹெட்டில் மிச்சமிருக்கும் மரையில் கரி ஏறும், ஐட்லிங்கில் வண்டி விக்கும், அப்புறம் சரியான பிளக்கே உள்ளே ஏறாது. நெட்டை பிளக் போட்டால் முனை பிஸ்டனையோ வால்வையோ தட்டும். அதனால் பழசையும் புதுசையும் மேஜையில் ஒட்டி நிறுத்தி, வாஷர் உட்காரும் விளிம்பிலிருந்து மரை முடியும் இடம் வரை பாருங்க. இரண்டும் ஒரே மட்டத்தில் முடியணும்.

இன்னொன்று. கம்பெனி மாறினால் நம்பர் கணக்கும் மாறும். என்ஜிகே 6-க்கு டென்சோவில் 20, பாஷில் 7. அதுமட்டுமில்லை, என்ஜிகே, டென்சோ இரண்டிலும் நம்பர் ஏறினால் குளிர்ந்த பிளக். பாஷில் நம்பர் ஏறினால் சூடான பிளக். நம்பரை மட்டும் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

ஆத்தூர்: என்னோடதும் ஸ்விஃப்ட்தான், டீசல். எனக்கு எந்த பிளக்குங்க?

பதில்: உங்களுக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாதுங்க. 1248 சி.சி. டீசலில் இருப்பது குளோ பிளக், அது ஸ்டார்ட்டிங்கில் சூடேற்ற மட்டும். காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுதா? அப்படியென்றால் தனியாகக் கேளுங்க, அது வேறு கதை.

அம்மாபேட்டை: அக்கா வண்டிக்கு ஏர் ஃபில்டர் வாங்கினேன், மான் கம்பெனி. பெட்டியில் CU னு ஆரம்பிக்குது. ஃபில்டர் பாக்ஸில் உட்காரவே மாட்டேங்குது.

பதில்: உட்காராது. CU என்பது ஏ.சி. காற்றுக்கான கேபின் ஃபில்டர். அந்தக் கம்பெனியில் இன்ஜின் ஏர் ஃபில்டர் வெறும் C-யில் தொடங்கும். படத்திலேயே வித்தியாசம் தெரியும்: இன்ஜின் ஃபில்டரைச் சுற்றி மெத்தென்ற ரப்பர் ஓரம் இருக்கும், கேபின் ஃபில்டரில் பெரும்பாலும் இருக்காது. மாருதியின் சொந்தப் பெட்டி என்றால் இன்ஜின் ஏர் ஃபில்டர் நம்பர் 13780-ல் தொடங்கும், ஹூண்டாய் என்றால் 28113, டொயோட்டா என்றால் 17801. முதல் ஐந்து இலக்கம் "இது என்ன பொருள்" என்று மட்டும் சொல்லும். எந்த வண்டிக்கு என்பது அதற்குப் பின்னால் வருவதில் இருக்கிறது. அதனால் படத்தில் பாதி நம்பர் மறைந்திருந்தால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

நாகலூர்: எங்களுக்கு எஸ்டேட் மண் ரோடு. கடையில் கொடுத்த ஃபில்டர் கொஞ்சம் சின்னதா இருக்கு, ஆனா மூடி மூடிடுச்சு. பரவாயில்லீங்களா?

பதில்: மூடி மூடினதை வைத்து முடிவு பண்ணாதீங்க. ரப்பர் ஓரம் பள்ளத்தில் நாலு பக்கமும் உட்கார்ந்து, மூடி அதை அழுத்தணும். நூறு இருநூறு கி.மீ. ஓட்டிவிட்டுத் திறந்து, ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகும் பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைங்க. செம்மண் ஒட்டினால் ஓரத்தில் காற்று ஒழுகுது என்று அர்த்தம். அந்த ஃபில்டர் அன்றைக்கே வெளியே வரணும். உங்க ரோட்டில் அந்தத் தூசி சிலிண்டரைத் தேய்த்துவிடும். ரப்பர் ஓரத்திலும் பாருங்க. சரியாக உட்கார்ந்ததில் சுற்றிலும் ஒரே அழுத்தக் கோடு விழுந்திருக்கும், நடுவில் விட்டுப்போகாது.

ஏற்காடு: ஹூண்டாய் வெர்னாங்க, பின்னாலும் டிஸ்க். முன் பக்கத்துக்குக் கேட்டேன், பெட்டியில் 58302 னு தொடங்குது. சரியா?

பதில்: தப்பு. 58302 பின் டிஸ்க் பேட். முன்னுக்கு 58101. டொயோட்டாவில் 04465 முன், 04466 பின். ஒரு இலக்கம்தான் வித்தியாசம், கடைப்பையன் கை தவறினால் மாறிவிடும்.

மாற்றி வாங்கும்போதும் நம்பர் சரியென்று விட்டுவிடாதீங்க. ஒரே மாடலில் காலிப்பர் சப்ளையர் மாறினால் பேடின் காது, அதாவது தகட்டின் இரு முனையிலும் நீண்டு காலிப்பரில் உட்காரும் பகுதி, அதன் வடிவமும் மாறும். பழைய பேடின் இரும்புத் தகட்டைத் துடைத்து வெள்ளைத் தாளில் வைத்து பென்சிலால் சுற்றி வரைங்க. பெட்டியைத் திறந்து புதுத் தகட்டை அந்தக் கோட்டின் மேல் வைங்க. காதின் அகலம், மூலை வெட்டு, தேய்மானம் ஆனால் கீச்சிடும் அந்தச் சின்னத் தகடு எந்தப் பக்கம், இந்த மூன்றும் ஒத்துப்போகணும். காது பெரிதாக இருந்தால் பேடு காலிப்பரில் இறுகி நிற்கும், பெடலை விட்டாலும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். அரம் வைத்துத் தேய்த்து உட்கார வைக்கிறேன் என்று மெக்கானிக் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்க.

நீங்க அடிக்கடி இருபது கொண்டை ஊசி இறங்குகிறவர். பேடின் ஓரத்தில் FF, EE மாதிரி இரண்டு எழுத்து அச்சடித்திருக்கிறதா பாருங்க. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடிப்பு, இரண்டாவது நன்றாகச் சூடேறின பிறகு. E-யை விட F பிடிப்பு அதிகம். இரண்டாவது எழுத்து E என்றால் இறக்கத்துக்கு நான் அதை எடுக்க மாட்டேன். எல்லாப் பேடிலும் இந்த எழுத்து இருக்காது.

கொண்டலாம்பட்டி: ஹாலோகிராம் இருந்தா ஒரிஜினல்தானே சார்? படம் பார்த்துச் சொல்லுங்க.

பதில்: படத்தில் ஸ்டிக்கர் இருப்பது தெரியும், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. காலிப் பெட்டிக்குக்கூட இங்கே விலை உண்டு. பெட்டியில் எம்.ஆர்.பி., தயாரித்த அல்லது பேக் செய்த மாதம், கஸ்டமர் கேர் நம்பர் இருக்கணும். இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடலாம். எல்லாம் இருந்தாலும் உள்ளே இருக்கும் பொருளில் அடித்திருக்கும் கோடும் பெட்டி நம்பரும் ஒத்துப்போகணும். நாலு பிளக்கையும் வரிசையாக வைத்தால் இடைவெளி கண்ணுக்கே ஒரே மாதிரி தெரியணும், பீங்கானில் எழுத்து நகத்தால் சுரண்டினால் உதிரக்கூடாது. இதெல்லாம் தாண்டியும் நல்ல போலி உண்டு. அதை ஃபோட்டோவில் என்னால் பிரிக்க முடியாது, முடியும் என்பவரையும் நான் நம்பமாட்டேன்.

செவ்வாய்பேட்டை: பில் போடுற கடையில வாங்கினா அந்தப் பிரச்சினையே இல்லீங்களே.

பதில்: திருப்பிக் கொடுக்கலாம் என்ற தைரியம் இருக்கும், அது உண்மை. பிரச்சினையே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

குப்பனூர்: நேத்து போட்ட என் பேட் பெட்டிப் படத்துக்கு இன்னும் பதில் வரலீங்ணா.

பதில்: படம் கலங்கியிருக்குங்க. நடுவில் இருப்பது 8-ஆ B-யா என்று பிரிக்க முடியவில்லை, ஊகித்துச் சொன்னால் தப்பான பேடு வாங்கிவிடுவீங்க. வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்க, தெளிவு குறையாது. ஃபிளாஷ் வேண்டாம், லேபிள் பளபளத்து எழுத்து போய்விடும். ஜன்னல் பக்கம் வைத்து எடுங்க. லேபிள் ஒரு படம், எம்.ஆர்.பி. பக்கம் ஒரு படம், பேடை ஸ்கேலோடு நேர் மேலேயிருந்து ஒரு படம். சாய்த்து எடுத்தால் அளவு குறைந்து தெரியும். கூடவே ஆர்.சி.யில் மாடல், சி.சி., தயாரித்த மாதம் இருக்கும் பகுதி மட்டும் போதும். பெயரையும் சேசிஸ் நம்பரின் கடைசி இலக்கங்களையும் விரலால் மறைத்துவிடுங்க.