ஆன்டிவைரஸ் புதுப்பித்தலுக்கு மூன்று மடங்கு பிடித்துவிட்டார்கள்: பணம் திரும்புமா?

கேள்வி: போன வருடம் தள்ளுபடியில் ஒரு ஆன்டிவைரஸ் வாங்கினேன், கூடவே விபிஎன்னும் வந்தது. பிடிக்காமல் இரண்டு மாதம் முன்பே கணினியிலிருந்து நீக்கிவிட்டேன். ஆனால் போன வாரம், முதலில் கட்டியதைப் போல மூன்று மடங்கு கார்டிலிருந்து போய்விட்டது. சாட்டில் கேட்டால், "பாதி விலைக்குத் தருகிறோம், தொடருங்கள்" என்கிறார்கள். முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்தப் பாதி விலைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சாட்டில் 'சரி' என்று ஒரு வார்த்தை போட்டாலும், புதிய விலைக்கு நீங்களே சம்மதித்ததற்கு அது எழுத்து மூலமான சான்றாகிவிடும். பிறகு முழுப் பணம் கேட்பது கடினம். தவிர, அந்தச் சலுகை பெரும்பாலும் இந்த ஓராண்டுக்குத்தான். அடுத்த ஆண்டு பழையபடி முழு விலை பிடிப்பார்கள்.

மென்பொருளை நீக்கினால் சந்தா ரத்தாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சந்தா இருப்பது உங்கள் கணினியில் இல்லை, அவர்கள் தளத்தில் உள்ள உங்கள் கணக்கில். அங்கே தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தினாலும் பாதி வேலைதான் முடிகிறது. அது அடுத்த ஆண்டுப் பிடித்தத்தைத்தான் தடுக்கும். இப்போது பிடித்த பணத்தைத் தனியாகக் கேட்க வேண்டும்.

முதலில் வங்கிக் கணக்கு விவரத்தில் யார் பெயரில் பணம் போயிருக்கிறது என்று பாருங்கள். செல்போனின் ஆப் ஸ்டோர் வழியாகப் போயிருந்தால் அந்த ஸ்டோரில்தான் கேட்க வேண்டும், மென்பொருள் நிறுவனம் கையை விரித்துவிடும். நிறுவனமே பிடித்திருந்தால், அதன் பணம் திருப்பும் விதியில் 'புதுப்பித்தல்' பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். விபிஎன் விளம்பரங்களில் வரும் 30 நாள் உத்தரவாதம் பல இடங்களில் முதல் முறை வாங்குபவர்களுக்கு மட்டுமே. ஆனால் ஆண்டுச் சந்தா புதுப்பித்தலுக்கு 60 நாள் வரை தரும் ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் உண்டு. நாள் கணக்கு பணம் பிடித்த தேதியிலிருந்து ஓடுவதால் இன்றே எழுதுங்கள். பணம் திரும்பி வரும்வரை அந்த விபிஎன்னை ஒருமுறைகூடத் திறக்காதீர்கள், 'பயன்படுத்தினீர்களே' என்ற பதிலுக்கு இடம் தர வேண்டாம்.

சாட்டிலும் மின்னஞ்சலிலும் இதே வாசகத்தை அனுப்பலாம்:

"இந்தத் தேதியில் பிடித்த புதுப்பித்தல் தொகைக்கு நான் சம்மதிக்கவில்லை. சந்தாவை ரத்து செய்து முழுத் தொகையையும் அதே கார்டுக்குத் திருப்புங்கள். தள்ளுபடி, கூடுதல் மாதங்கள், வேறு திட்டம் எதுவும் வேண்டாம். எந்தத் தேதிக்குள் பணம் வரும் என்று எழுத்தில் சொல்லுங்கள்."

ஏன் ரத்து செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால் அதற்கென்று ஒரு சலுகை வரும். விலை அதிகம் என்றால் தள்ளுபடி, வேகம் குறைவு என்றால் உயர்ந்த திட்டம். "காரணம் சொல்ல விரும்பவில்லை" என்று போட்டுவிட்டு அதே வாசகத்தைத் திரும்ப ஒட்டுங்கள். உரையாடல் முழுவதையும் படம் பிடித்து வையுங்கள்.

சட்டம் இதில் இரண்டு விஷயங்களைப் பார்க்கும்: வாங்கும்போதே தானியங்கிப் புதுப்பித்தல் தெளிவாகக் காட்டப்பட்டதா, நிறுத்துவதற்கு எளிய வழி இருந்ததா. அமெரிக்காவில் 2010 முதல் இவை சட்டப்படி கட்டாயம். இந்தியாவில் நுகர்வோரை ஏமாற்றும் இணைய உத்திகள் பற்றிய 2023 வழிகாட்டுதல்கள், ரத்து செய்வதைச் சிக்கலாக்கும் சந்தாப் பொறியைத் தடுக்கின்றன. எனவே வாங்கியபோது வந்த மின்னஞ்சலையும், புதுப்பிப்பதற்கு முன் ஏதாவது அறிவிப்பு வந்ததா என்பதையும், ஸ்பேம் உட்படத் தேடிப் பாருங்கள். உயர்ந்த விலையைச் சொல்லி அறிவிப்பு வந்திருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகும். அப்போது அவர்கள் திருப்பும் விதியைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

மறுத்தால் வங்கியில் பிடித்தத்தை எதிர்த்துப் புகார் செய்யலாம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "நான் முன்பே ரத்து செய்துவிட்டேன்" என்று காரணம் எழுதினால் வங்கி அதற்குச் சான்று கேட்கும், உங்களிடம் இல்லை. "சம்மதம் இல்லாமல் விலையைக் கூட்டிப் பிடித்தார்கள், கேட்டும் தரவில்லை" என்று நடந்ததை அப்படியே எழுதுங்கள். திருப்புவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டுத் தராமல் இருந்தால், அந்த ஒரு மின்னஞ்சல் உங்கள் பக்கம் மிகப் பலமான சான்று. கார்டை மாற்றிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். புதிய கார்டு எண் சில சமயம் வங்கி வழியாகத் தானாகவே வணிகர்களுக்குப் போய்விடும்.

'பாதுகாப்பு போய்விட்டது, கணினி ஆபத்தில் இருக்கிறது' என்ற எச்சரிக்கைகள் கொஞ்ச நாள் வரும். விண்டோஸ் கணினி என்றால், வேறு ஆன்டிவைரஸை முழுதாக நீக்கியதும் விண்டோஸோடு வரும் டிஃபென்டர் என்ற ஆன்டிவைரஸ் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். அது இயங்குகிறதா என்று விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். "உங்கள் சந்தா புதுப்பிக்கப்பட்டது, ரத்து செய்ய இந்த எண்ணை அழையுங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் மட்டும் அழைக்காதீர்கள். ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் பெயர்களில் மோசடிக்காரர்கள் நிறையப் பேர் இறங்கியிருக்கிறார்கள். கணக்கை எப்போதும் நீங்களே தளத்துக்குப் போய்த் திறந்து பாருங்கள்.