மேசை எண் இல்லாமல் முன்பணம் வேண்டாம்

கேள்வி: கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு உணவகம் டிசம்பர் 31 இரவு குடும்பப் புத்தாண்டு விருந்து என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பியிருக்கிறது. இரவு 7 மணி முதல் நுழைவு, பெரியவருக்கு 1,200 ரூபாய், 5 முதல் 10 வயது வரை 600, ஐந்துக்குக் கீழ் இலவசம், வரி தனி, முதலில் வருவோருக்கு முதலிடம், தனியாக வரும் ஆண்களுக்கு அனுமதி இல்லை, நுழைவு நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது, கட்டணம் திருப்பித் தரப்படாது என்று போட்டிருக்கிறார்கள். நாங்கள் ஏழு பேர். மாமனார், மாமியார், கணவர், நான், ஓசூரில் வேலை செய்யும் கொழுந்தனார், 9 வயது மகன், 4 வயது மகள். மாமியாருக்கு முழங்கால் வலி, மார்கழி முழுவதும் சைவம். முழுப் பணத்தையும் இப்போதே கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? – வாசகி, கிருஷ்ணகிரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்று கட்ட வேண்டாம். முதலில் உணவகத்துக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அதற்கு எழுத்தில் பதில் வந்த பிறகு கட்டுங்கள். அந்த அழைப்பு விலையைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் எங்கே உட்காருவீர்கள், எப்போது சாப்பிடுவீர்கள் என்ற இரண்டைப் பற்றியும் அதில் ஒன்றும் இல்லை. முழங்கால் வலியுள்ள பெரியவரையும் நான்கு வயதுக் குழந்தையையும் அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கு இந்த இரண்டும்தான் விருந்து.

தர்மபுரியில் ஓர் உணவகத்தின் கூடத்தைப் பல ஆண்டுகள் மேற்பார்வையிட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்: '7 மணி முதல் நுழைவு' என்பது கதவு திறக்கும் நேரம் மட்டுமே. கதவு திறப்பது, முதல் தட்டு சிற்றுண்டி வருவது, பஃபே திறப்பது, பஃபேயில் கடைசியாகப் பாத்திரம் நிரப்புவது என்று அந்த இரவுக்கு நான்கு நேரங்கள் உண்டு. பஃபேயை எட்டரை மணிக்கோ ஒன்பது மணிக்கோ திறக்கும் இடங்களும் இருக்கின்றன. எல்லோரும் வந்து சேரட்டும் என்று காத்திருப்பதே அதற்குக் காரணம். ஏழு மணிக்குப் போய்ச் சேரும் உங்கள் மகள் அதற்குள் பசித்து அழுது, சிப்ஸைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டு, உணவு வரும்போது உறங்கியிருப்பாள். ஆகவே நான்கு நேரங்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூடவே எத்தனை பேருக்கு இடம் விற்கிறார்கள், பஃபே வரிசைகள் எத்தனை என்றும் கேளுங்கள். ஒருவர் தட்டை எடுத்து நகர்ந்து பின்னால் இருப்பவருக்கு வழிவிட அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 200 பேர் ஒரே வரிசையில் நின்றால் கடைசி ஆள் உணவைத் தொட நூறு நிமிடங்கள் ஆகும். மேசையின் இரு பக்கமும் வரிசை விட்டால் அது ஐம்பது நிமிடமாகக் குறையும். பாதிப் பேர் நின்றுகொண்டே சாப்பிடுவதும் பெரியவர்கள் வரிசையில் நின்று சலிப்பதும் இந்தக் கணக்கைப் பார்க்காத இடங்களில்தான்.

இருக்கை விஷயத்தில்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். 'முதலில் வருவோருக்கு முதலிடம்' என்ற வரி மேடைக்கு அருகில் உட்காரும் போட்டிக்கு ஒத்துவரலாம். ஏழு பேர் சேர்ந்து உட்கார வேண்டிய குடும்பத்துக்கு அது ஒத்துவராது. உணவக மேசைகள் பெரும்பாலும் நான்கு பேருக்கானவை. ஏழு பேர் என்றால் இரண்டு மேசைகளை இணைக்க வேண்டும். கூடம் பாதி நிரம்பிய பிறகு அதைச் செய்ய முடியாது. இதைவிட நுணுக்கமான ஒரு சிக்கல் 'ஐந்துக்குக் கீழ் இலவசம்' என்ற வரியில் இருக்கிறது. நான் வேலை செய்த இடத்தில் ஒரு புத்தாண்டு இரவு, கட்டணம் கட்டியவர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தோம். இலவசக் குழந்தைகளை யாரும் எண்ணவில்லை. குழந்தைகள் நாற்காலிகளில் ஏறிக்கொண்டார்கள். ஒரு பாட்டி கையில் தட்டோடு அரை மணி நேரம் தூணோரம் நின்றார். அந்தக் காட்சி இன்றும் என்னை உறுத்துகிறது. ஆகையால் 'ஆறு கட்டணம், ஏழு நாற்காலி' என்று அவர்கள் வாயால் அல்ல, எழுத்தால் சொல்ல வேண்டும்.

மேசை எண்ணைக் கேட்கும்போதே அது எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். நெடுஞ்சாலையோர உணவகங்களில் புத்தாண்டு இரவுக்குப் புல்வெளியில் மேசை போடுவது வழக்கம். படத்தில் அது அழகாகத் தெரியும். ஆனால் மார்கழிப் பனியில் நம் பகுதியில் ஒன்பது மணிக்கு மேல் திறந்தவெளியில் உட்கார்ந்தால் நாற்காலியின் கைப்பிடியே நனைந்துவிடும்; உணவும் தட்டில் விழுந்த சில நிமிடங்களில் ஆறிப்போகும். உங்கள் மாமியாருக்குக் கூரைக்குக் கீழ், படி ஏறாமல் போகக்கூடிய, கழிப்பறைக்கு அருகில் உள்ள, ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே இல்லாத மேசை வேண்டும். இன்னொன்று, மேசையை எத்தனை மணி வரை உங்களுக்காக வைத்திருப்பார்கள்? அன்று இரவு பெங்களூரு சாலையில் வண்டிகள் நெருக்கியடிக்கும். உங்கள் கொழுந்தனார் ஓசூரிலிருந்து வரத் தாமதமானால் 'எட்டு மணிக்கு மேல் மேசை உறுதியில்லை' என்று யாரும் சொல்லக் கூடாது.

கொழுந்தனாரை ஒட்டி வேறொரு கேள்வியும் எழுகிறது. 'தனியாக வரும் ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்ற விதி குடும்பங்களின் நிம்மதிக்காகவே வைக்கப்படுகிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் வாசலில் நிற்கும் காவலாளிக்கு உங்கள் உறவுமுறை தெரியாது. நீங்கள் ஆறு பேரும் உள்ளே போன பிறகு கொழுந்தனார் மட்டும் எட்டே முக்காலுக்கு வந்தால், காவலாளியின் கண்ணுக்கு அவர் தனியாக வந்த ஆண்தான். ஏழு பேரின் பெயர்களும் ஒரே பதிவில் இருக்க வேண்டும், அவருடைய நுழைவுச் சீட்டோ கையில் கட்டும் பட்டையோ அவர் வரும் வரை வாசலில் வைத்திருக்கப்பட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'குடும்ப' விருந்து என்று எழுதிவிட்டு அதே கூடத்தில் மது பரிமாறும் இடங்களும் உண்டு; ஆம், இல்லை என்று நேரடியாகக் கேளுங்கள்.

'நுழைவு நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது' என்ற வரி, குடித்துவிட்டுத் தகராறு செய்பவரைத் தடுக்கும் அளவில் நியாயமானது. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் இவற்றை மட்டும் காரணமாக வைத்து உணவகத்துக்குள் யாரையும் தடுக்கக் கூடாது என்று நம் அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு சொல்கிறது. எந்த நிர்வாகத்தின் முடிவும் அதைத் தாண்ட முடியாது. பணம் வாங்கிய பிறகு எந்தெந்தக் காரணத்துக்காக அனுமதி மறுக்கப்படும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு எளிது. பெரியவர்கள் ஐவருக்கு 6,000, மகனுக்கு 600, ஆக 6,600. தனி உணவகத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்பதால் 330 சேர்ந்து 6,930 ரூபாய். இதற்கு மேல் சேவைக் கட்டணம் என்று ஒரு தொகை பில்லில் வந்தால் அதைக் கட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. மனம் நிறைந்தால் பரிமாறியவருக்கு நேரடியாகக் கொடுங்கள்.

'திருப்பித் தரப்படாது' என்பதை நீங்கள் போகாமல் இருந்தால் என்ற பொருளில் ஏற்கலாம். அவர்கள் உங்களுக்காகச் சமைத்திருப்பார்கள், மேசையை வேறு யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் நிகழ்ச்சியை அவர்களே ரத்து செய்தாலோ, சொன்ன மேசையைத் தராமல் போனாலோ அந்த வரியைக் காட்டிப் பணத்தை வைத்துக்கொள்வது நியாயமில்லை. அது சேவைக் குறைபாடு; 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். அப்போது உங்களுக்குக் கை கொடுப்பது அந்த அழைப்பிதழின் படமும் அவர்கள் அனுப்பும் பதிலும்தான், இரண்டையும் அழிக்காதீர்கள்.

பன்னிரண்டு மணி வரை பாட்டு என்று சொல்லியிருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைப்பதை 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் தடுக்கின்றன; அரசு தனியே அனுமதித்தால்தான் நள்ளிரவு வரை போடலாம். அந்த அனுமதி இல்லையென்றால் பத்து மணிக்குப் பாட்டு நின்றுவிடும்.

நீங்கள் அனுப்ப வேண்டிய செய்தியை இப்படி எழுதலாம்: “டிசம்பர் 31 விருந்துக்கு ஏழு பேர் வருகிறோம், ஐந்து பெரியவர்கள், 9 வயதில் ஒருவர், 4 வயதில் ஒருவர். ஏழு நாற்காலிகளோடு, கூரைக்குக் கீழ், படி இல்லாத இடத்தில் மேசை வேண்டும். மேசை எண்ணையும் அதை எத்தனை மணி வரை வைத்திருப்பீர்கள் என்பதையும் தெரிவிக்கவும். எங்களில் ஒருவர் ஓசூரிலிருந்து தனியாக, தாமதமாக வருவார். அவர் பெயரையும் இதே பதிவில் சேர்க்கவும். பஃபே திறக்கும் நேரம், கடைசியாக உணவு வைக்கும் நேரம், மொத்த விருந்தினர் எண்ணிக்கை, பஃபே வரிசைகள் எத்தனை, சைவத்துக்குத் தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் உண்டா, கூடத்தில் மது உண்டா, வரியுடன் மொத்தத் தொகை எவ்வளவு, நிகழ்ச்சி ரத்தானால் பணம் திரும்புமா என்பவற்றையும் எழுதவும்.”

சைவத்துக்குத் தனிக் கரண்டி என்பதை அற்பமென்று விட்டுவிடாதீர்கள். பஃபேயில் பிரியாணிக் கரண்டி வெஜிடபிள் குருமாவுக்குள் போவது ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிடும். மார்கழி நோன்பில் இருப்பவருக்குச் சைவப் பாத்திரங்களைத் தனி மேசையில் வைப்பதே சரி. அது முடியாதென்றால் சமையலறையிலிருந்து நேராக ஒரு தட்டு கொண்டுவந்து தரச் சொல்லுங்கள். நல்ல உணவகம் இதை மறுக்காது.

மேசை எண்ணோடு பதில் வந்தால் மகிழ்ச்சியாகக் கட்டுங்கள், ஆனால் முதலில் பாதித் தொகையை மட்டும் கேட்டுப் பாருங்கள். உணவகத்தின் பெயரில் உள்ள யுபிஐ கணக்குக்கே செலுத்துங்கள், தனிநபரின் எண்ணுக்கு வேண்டாம். “வாங்க மேடம், பார்த்துக்கலாம்” என்று மட்டும் பதில் வந்தால் கட்டாதீர்கள். போவதென்றால் ஏழே காலுக்குள் உட்கார்ந்து, பஃபே திறந்த முதல் பத்து நிமிடத்தில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு நெடுஞ்சாலையில் வேகமாக வரும் வண்டிகளுக்கு நடுவே குழந்தையோடு திரும்புவதைவிட, பன்னிரண்டு மணிக்கு உங்கள் வீட்டுக் கூடத்தில் கேக் வெட்டிக்கொள்ளலாம். கொழுந்தனாரும் அன்றிரவு ஓசூருக்குத் திரும்பாமல் உங்கள் வீட்டிலேயே தங்கிவிடட்டும்.