பாதியாகவா, பாதியாலா?

கேள்வி: ஐயா, எட்டாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியையைப் பற்றிச் சிறுகதை எழுதியிருக்கிறேன். பின்னங்களை வகுக்கும் பாடத்தில் பிள்ளைகளின் முகங்களில் குழப்பத்தைக் கண்டதும் அவர் பாடத்தை நடுவிலேயே நிறுத்தி, மாம்பழம் வெட்டிக் காட்டுகிறார், எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. ஆசிரியையாக இருக்கும் என் அக்கா, "இப்பிடி ஒரு வகுப்பு நடக்காது" என்கிறா. நான் எங்கே பிழை விட்டேன்?
– வாசகி ஒருவர், சாவகச்சேரி

பதில்: உங்கள் அக்கா சொல்வது சரி என்றே நினைக்கிறேன். கதையின் நடையில் குறை ஒன்றும் இல்லை. பிழை அந்த மாம்பழத்தில் இருக்கிறது. இதை நான் துணிந்து சொல்வதற்குக் காரணம், முப்பது வருடங்களுக்கு முன் நானும் ஒரு வகுப்பில் இதே மாம்பழத்தை வெட்டியிருக்கிறேன் என்பதுதான்.

உங்கள் ஆசிரியை 6 ÷ 1/2 என்று கரும்பலகையில் எழுதி, ஆறு மாம்பழங்களை இரண்டிரண்டாக வெட்டுகிறார். பன்னிரண்டு துண்டுகள் வருகின்றன, விடையும் 12தான். ஆனால் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது என்ன? கத்தி ஒவ்வொரு பழத்தையும் இரண்டாக்குகிறது, அதாவது ரீச்சர் இரண்டால் வகுக்கிறார். இரண்டால் வகுத்தால் 3 அல்லவா வரவேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால் உங்கள் ஆசிரியையிடம் பதில் இருக்காது. என்னிடமும் இருக்கவில்லை. விடை சரியாக வந்துவிட்டதால் காரணம் பிழையாக இருப்பதை நான் அன்று கவனிக்கவில்லை. அடுத்த நாள் 3 ÷ 3/4 என்ற கணக்குக்கு வந்தபோது கத்தியை எங்கே வைப்பது என்று எனக்கே தெரியவில்லை. 1/2, 1/3, 1/4 போன்ற, மேலே ஒன்று மட்டும் உள்ள பின்னங்களோடு மாம்பழம் நின்றுவிடும்.

ஆகவே உங்கள் ஆசிரியை பாடத்தை மாற்றுவதற்கு முன், பிள்ளைகள் எதைப் பிழையாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவர் கண்டுபிடிக்க வேண்டும். "முகங்களில் குழப்பம் படர்ந்தது" என்று நீங்கள் எழுதிய வரி அதை எனக்குச் சொல்லவில்லை. அதோடு, முகங்கள் எல்லாம் ஒரே மாதிரிக் குழம்புவதும் இல்லை. எங்கள் ஊர் வகுப்புகளில் பாதிப் பிள்ளைகள் ரியூசனில் இந்தப் பாடத்தை முன்பே கேட்டிருப்பார்கள். "விளங்குதோ?" என்று கேட்டால், "ஓம் ரீச்சர்" என்று ஒரே குரலில் வரும். இரண்டாவது பின்னத்தைத் திருப்பிப் போட்டுப் பெருக்கு என்ற விதியை அவர்கள் பாட்டாகச் சொல்வார்கள்; அவர்களுடைய முகங்கள் தெளிவாகத்தான் இருக்கும். முகம் சுருங்குவது, அந்த விதியைப் பற்றி உண்மையில் யோசிக்கத் தொடங்கிய ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே. மூன்றாம் வாங்கில், யன்னலோரம் இருக்கும் ஒரு பிள்ளை 12 என்று எழுதிவிட்டு, பேனையை எடுக்காமல், முன்னால் இருக்கும் 6ஐயும் பின்னால் இருக்கும் 12ஐயும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எழுதிப் பாருங்கள். ஆசிரியையின் கண்ணில் படவேண்டியது அந்தப் பேனை.

அதைக் கண்டதும் அவர் இன்னொரு விளக்கத்துக்குத் தாவக்கூடாது. முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதுவும் விதியைக் கொண்டு விடை சொல்லமுடியாத கேள்வியாக இருக்கவேண்டும். கணக்கைச் செய்யவேண்டாம், கொப்பியை மூடுங்கோ, கண்ணையும் மூடுங்கோ. 3ஐ 3/4ஆல் வகுத்தால் வருகிற விடை மூன்றைவிடக் கூடவா, குறைவா? குறைவு என்று நினைக்கிறவர்கள் கை உயர்த்துங்கோ. கண்ணை மூடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ரியூசன் கெட்டிக்காரன் எந்தப் பக்கம் கை உயர்த்துகிறான் என்று பார்த்து மற்றவர்களின் கையும் உயர்ந்துவிடும். முப்பத்துநான்கு பிள்ளைகளில் இருபத்திரண்டு கைகள் உயர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். "ஓம் ரீச்சர்" என்று சற்றுமுன் சொன்னவர்களின் கைகளும் அவற்றுள் உண்டு. உங்கள் கதையின் திருப்பம் இந்த இடத்தில்தான் இருக்கவேண்டும். தனக்கு முன்னால் குழம்பியிருப்பது ஒரு பிள்ளை அல்ல, பாதிக்கு மேற்பட்ட வகுப்பு என்பது அவருக்கு அப்போதுதான் தெரிகிறது.

அந்தக் கைகள் ஏன் உயர்ந்தன? வகுத்தலை அவர்கள் சின்ன வகுப்பில் பங்கிடுதலாகப் படித்தவர்கள். பன்னிரண்டு தோடம்பழத்தை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நான்கு. பங்கிட்டால் குறையத்தானே வேண்டும். முழு எண்களோடு இருந்த காலம் முழுவதும் அந்த நினைப்பு அவர்களைக் கைவிடவில்லை. ஆனால் முக்கால் பேருக்குப் பங்கிட முடியாது. இங்கே நமது மொழியும் ஒரு சிறு பொறி வைத்திருக்கிறது. "ஆறைப் பாதியாகப் பிரி" என்றால் விடை 3. "ஆறைப் பாதியால் வகு" என்றால் விடை 12. ‘ஆக’வுக்கும் ‘ஆல்’உக்கும் இடையில் இருக்கும் அந்த வேற்றுமையை, வேகமாகப் பேசும்போது ஆசிரியரே தவறவிடுவார். உங்கள் கதையின் இரண்டாம் பக்கத்தில், "ஆறு பழத்தையும் பாதியாக வகுப்பம்" என்று உங்கள் ஆசிரியையும் சொல்கிறார், கவனித்தீர்களா? அதைத் திருத்தவேண்டாம். அவர் அப்படிச் சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டுத் திடுக்கிடட்டும்.

இது நமக்கு மட்டும் உரிய தடுமாற்றம் அல்ல. லிப்பிங் மா என்ற ஆய்வாளர் அமெரிக்காவிலும் சீனாவிலும் தொடக்க வகுப்பு ஆசிரியர்களிடம் 1 3/4 ÷ 1/2 என்பதற்குப் பொருத்தமான ஒரு கதைக்கணக்கைச் சொல்லும்படி கேட்டார். 1999இல் வெளிவந்த அந்த ஆய்வில் 23 அமெரிக்க ஆசிரியர்களில் ஒருவரால் மட்டுமே அது முடிந்தது. பலர் சொன்ன கதை, இருப்பதை இரண்டு பேருக்குச் சமமாகப் பங்கிடும் கதை. 72 சீன ஆசிரியர்களில் 65 பேர் சரியான கதை சொன்னார்கள். ஆகவே உங்கள் ஆசிரியை தடுமாறுவதை வெட்கப்படும் விடயமாக எழுதவேண்டியதில்லை.

இனி அவர் கரும்பலகையை அழிக்கலாம். பாடக்குறிப்பில் எழுதிவந்த ஐந்து கணக்குகளும் அதோடு போகட்டும். அவருக்குத் தேவைப்படுவது பங்கிடும் கதை அல்ல, அளக்கும் கதை: ஒன்றுக்குள் இன்னொன்று எத்தனை தரம் அடங்கும் என்ற கதை. நம் ஊரில் அதற்கு நல்லெண்ணெய்ப் போத்தலைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. கடையில் ஒரு போத்தல் எண்ணெய் என்றால் 750 மில்லிலீற்றர், அதாவது 3/4 லீற்றர் என்பது கடைக்குப் போய்வரும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். செக்கடியில் இருந்து மூன்று லீற்றர் எண்ணெய் வந்திருக்கிறது, எத்தனை போத்தல் நிரப்பலாம்? இந்தக் கேள்வியில் வகுத்தல் என்ற சொல்லே வரக்கூடாது. விடை மூன்றைவிடக் குறையாது என்பதைச் சற்றுமுன் கை உயர்த்திய பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் போத்தல் லீற்றரைவிடச் சிறியது.

பிறகு அவர் கரும்பலகையில் மூன்று நீளமான பெட்டிகளை வரைந்து, ஒவ்வொன்றையும் நான்கு கட்டங்களாகக் கோடிட வேண்டும். ஒரு கட்டம் கால் லீற்றர், மொத்தம் பன்னிரண்டு. ஒரு போத்தலுக்கு மூன்று கட்டம் வேண்டும். பன்னிரண்டை மும்மூன்றாகச் சுற்றிக் கட்டினால் நான்கு போத்தல். இந்த இடத்தில் கதை சற்று நின்று நிதானிக்கலாம். மூன்று லீற்றரைக் கட்டங்களாக்க 4ஆல் பெருக்கினோம், கட்டங்களைப் போத்தலாக்க 3ஆல் வகுத்தோம். 3/4ஐத் திருப்பிப் போட்ட 4/3 என்பது இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் சொல்வதுதான். யன்னலோரப் பிள்ளை அதைத் தானாகக் கண்டுபிடித்து, "அதுதான் திருப்பிப் போடுறதோ, ரீச்சர்?" என்று கேட்டால், ஆசிரியை வேறு விளக்கம் சொல்லவேண்டிய தேவையே இல்லை.

ஆனால் கதையை அங்கே முடித்துவிடாதீர்கள். உங்கள் அக்கா நம்பமறுப்பது அந்த "எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது" என்ற வரியைத்தான். விளங்கியதா என்று சோதிக்க ஆசிரியை இன்னொரு கணக்குக் கொடுக்கட்டும்: மூன்று லீற்றருக்குப் பதிலாக இரண்டு லீற்றர். இரண்டு பெட்டி, எட்டுக் கட்டம், இரண்டு போத்தல் நிரம்புகிறது, இரண்டு கட்டம் மிச்சம். வகுப்பில் பலர் இரண்டரை என்பார்கள், ஏனென்றால் மிஞ்சியது அரை லீற்றர். விதிப்படி செய்த ரியூசன் பிள்ளைகளுக்கு 8/3, அதாவது 2 2/3 வரும். படம் ஒன்று சொல்கிறது, விதி வேறொன்று சொல்கிறது. இரண்டு கூட்டத்துக்கும் தங்கள் விடை சரி என்ற உறுதி. உண்மையில் மிஞ்சிய எண்ணெய் லீற்றரில் அரை, போத்தலில் மூன்றில் இரண்டு. கேட்டது எத்தனை போத்தல் என்பதால் 2 2/3தான் விடை. அந்த அரையும் பிழையில்லை, அது வேறொரு அளவால் சொல்லப்பட்டது, அவ்வளவுதான். எட்டாம் தரத்தில் இதை ஒரே மூச்சில் தெளிவாக்கமுடியும் என்று நான் நம்பவில்லை. நான் இரண்டு பாடவேளை எடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகும் சிலர் "இரண்டரை" என்றே எழுதினார்கள்.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். பாடவேளை நாற்பது நிமிடம். அந்தப் பேனை நின்றது பன்னிரண்டாம் நிமிடம் என்றால், கேள்விக்கும் கைகளுக்கும் ஐந்து நிமிடம், பெட்டிகளுக்கும் போத்தலுக்கும் பதினைந்து நிமிடம் போய்விடும். இரண்டு லீற்றர்ச் சண்டை சூடுபிடிக்கும்போது மணி அடித்துவிடும். அடுத்த பாடத்துக்கு வரும் சமூகக்கல்வி ரீச்சர் வாசலில் நிற்பார். கரும்பலகையில் எட்டுக் கட்டங்கள், அவற்றில் இரண்டு சுற்றிக் கட்டப்படாமல் இருக்கின்றன. அழிக்கவேண்டாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆசிரியை டஸ்ரரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம். திருத்திய பிரதியை முதலில் உங்கள் அக்காவிடம் கொடுங்கள். அவர் "இரண்டரை எண்டு என்ர வகுப்பிலயும் சொன்னவை" என்று சொன்னால், எனக்கு அனுப்பாமல் நேரே பத்திரிகைக்கு அனுப்பிவிடுங்கள்.